சாம்பார் புளிச்சுப்போச்சுன்னு ஒரு ஸ்டார் குடுத்தவருக்கு என்ன பதில் எழுதறது?

கேள்வி: "அம்மாவும் நானும் சின்னதா ஒரு டிபன் கடை நடத்தறோம், 6 டேபிள்தான். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்த ஒருத்தர் கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு 'சாம்பார் புளிச்சு போயிருந்துச்சு, ஒரு தோசைக்கு 40 நிமிஷம், கல்லால இருக்கற அம்மா மூஞ்சில அடிச்ச மாதிரி பேசறாங்க, ராத்திரி பூரா வயித்து வலி, யாரும் போகாதீங்க'ன்னு எழுதியிருக்காரு. சாயங்காலம் வெச்ச சாம்பார்தான், நல்லாதான் இருந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. ஜிபேல பணம் ஏறலன்னு ரெண்டு தடவ கேட்டாங்களாம், அவ்ளோதான். அம்மா அழுதுட்டே இருக்காங்க. பதில் போடலாமா, போட்டா என்ன எழுதறது?"

போடுங்க, ஆனா இன்னிக்கு ராத்திரி போடாதீங்க. நாளைக்கோ நாளன்னைக்கோ போடுங்க, ஒரு வாரம் தள்ளிப்போக விடாதீங்க. நான் கேட்டரிங் படிச்சுட்டு ஒரு ஓட்டல்ல 4 வருஷம் கிச்சன்ல இருந்தேன், அப்புறம் திருச்சில சொந்தமா மெஸ் வெச்சு இப்ப 17 வருஷம் ஆச்சு. எங்க கடைக்கு வந்த ரிவ்யூ எல்லாத்துக்கும் நான்தான் பதில் எழுதறேன், அக்கம்பக்கத்து கடைக்காரங்களுக்கும் எழுதி குடுத்திருக்கேன். அதுல கத்துக்கிட்டத, தப்பு பண்ணினதையும் சேத்து சொல்றேன்.

முதல்ல அம்மாகிட்ட ஒரு கணக்கு சொல்லுங்க, கொஞ்சம் மூச்சு விடுவாங்க. உங்க கடைக்கு இப்ப 40 ரிவ்யூ இருந்து சராசரி 4.4னு வெச்சுக்கங்க, மொத்தம் 176 ஸ்டார். இந்த ஒண்ணு சேந்தா 41 பேருக்கு 177, வகுத்தா 4.3 வரும். இன்னும் 3 பேர் அஞ்சு ஸ்டார் குடுத்தா மறுபடி 4.4 தொட்டுடும். நம்பர்ல நடக்கற சேதம் அவ்ளோதான். எழுத்து அப்படி இல்ல, அது அங்கயே நிக்கும், புதுசா ஊருக்கு வந்தவன் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு எங்க சாப்பிடலாம்னு போன்ல பாக்கும்போது நல்ல ரிவ்யூவ எல்லாம் தள்ளிட்டு நேரா ஒரு ஸ்டார தேடிப் படிப்பான், நானும் வெளியூர் போனா அப்படித்தான் பண்றேன், நீங்களும் பண்ணுவீங்க. அவன் அந்த புகார படிச்சுட்டு அதுக்கு கீழ முதலாளி என்ன சொல்லியிருக்காருன்னு பாப்பான். நீங்க எழுதப்போற பதில் முக்காவாசி அவனுக்குத்தான். புகார் எழுதினவர் மனசு மாறினா நல்லது, மாறலன்னாலும் அந்த பதில் வீணா போகாது.

எழுதறதுக்கு முன்னாடி விசாரிக்கணும். அவரு சொன்னது ஒரு புகார் இல்ல, நாலு புகார், நாலுக்கும் பதில் வேற வேற. ஒண்ணு பில்ல பாத்தாலே தெரிஞ்சுடும், ஒண்ணு கிச்சன்ல கேட்டா பாதி தெரியும், ஒண்ணு நீங்களும் நிரூபிக்க முடியாது அவரும் நிரூபிக்க முடியாது, இன்னொண்ணு யாருக்குமே முழுசா தெரியாது. இது நாலையும் ஒண்ணா குழப்பி "இதெல்லாம் பொய்"னோ "எல்லாத்துக்கும் சாரி"னோ எழுதினா ரெண்டுமே நம்பற மாதிரி இருக்காது.

தோசைய எடுத்துக்கங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி பில்லு புக்கையும் பார்சல் ஆர்டரையும் நேரத்தோட பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. கடைல ஒரே ஒரு கல்லுதான்னா, ஒரு ஈடுக்கு 3 தோசை, ஊத்தி எடுத்து தண்ணி தெளிச்சு தொடச்சு அடுத்தது ஊத்தறதுக்கு 3 நிமிஷம்னா ஒரு மணி நேரத்துக்கு 60 தோசைதான் வரும், அதுவும் மாஸ்டர் நிக்காம போட்டா. நடுவுல ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம் வந்துட்டா கல்லு அங்கயே நின்னுடும். டேபிள்ல 12 பேரு, அதே நேரத்துல ஆன்லைன்ல 4 பார்சல் வந்திருந்தா அவருக்கு முன்னாடி 30, 35 தோசை வரிசைல நின்னிருக்கும், 40 நிமிஷம்ங்கறது அப்படியே உண்மையாதான் இருக்கும். இதுல இன்னொண்ணு இருக்கு, நிறைய கடைல மாஸ்டர் பார்சல முதல்ல முடிச்சு விடுவாரு, ஏன்னா டெலிவரி பையன் பக்கத்துலயே நின்னு அவசரப்படுத்துவான், டேபிள்ல இருக்கறவரு பேசாம உக்காந்திருப்பாரு. அவரு கண்ணு முன்னாடி அவருக்கு அப்புறம் வந்த தோசை பொட்டலமா வெளிய போகுது, கோவம் வராம இருக்குமா? ஆக இந்த புகார் பில்லுல சரின்னு தெரிஞ்சா மழுப்பவே கூடாது, "அது எங்க தப்பு"ன்னு நேரா எழுதிடணும். படிக்கற ஆள் அந்த ஒரு வரில உங்கள நம்ப ஆரம்பிச்சுடுவான்.

சாம்பார் கொஞ்சம் சிக்கல். "புளிச்சு போயிருந்துச்சு"ன்னா அவரு புளி தூக்கலா இருந்துச்சுன்னு சொல்றாரா, ஊசிப்போச்சுன்னு சொல்றாரா? ரெண்டும் ஒரே வார்த்தைலதான் நம்ம ஆளுங்க எழுதறாங்க. புளி தூக்கல்னா கரைச்சவரு கை, அன்னிக்கு வந்த புளி புதுசா பழசான்னு பாத்தா போச்சு. ஊசிப்போனதுன்னா வேற விஷயம், ஓரத்துல நொரை கட்டும், கரண்டில எடுத்து விட்டா கொழகொழன்னு நூலா இறங்கும், வாசனை முதல்லயே சொல்லிடும். அம்மா நல்லாதான் இருந்துச்சுன்னு சொல்றத நான் நம்பறேன், ஆனா அவங்க ருசி பாத்தது எத்தன மணிக்கு? சாயங்காலம் 5 மணிக்கு இறக்கினப்ப பாத்திருப்பாங்க, அவரு சாப்பிட்டது ராத்திரி எட்டரைக்குன்னு வெச்சுக்கங்க. நடுவுல அந்த அண்டா அடுப்புல சிம்ல இருந்துச்சா, இறக்கி கீழ வெச்சிருந்துச்சா? 60 டிகிரிக்கு மேல ஆவி பறக்க பறக்க இருந்தா மூணு நாலு மணி நேரம் ஒண்ணும் ஆகாது. வெதுவெதுன்னு ஆறிப்போய் கிடந்தா, அதுலயும் தேங்கா அரைச்சு விட்டதா இருந்தா, நம்ம ஊரு வெயிலுக்கு எட்டரை மணிக்கு நிலைமை வேற.

இன்னும் ஒண்ணு கேளுங்க, கேக்கறதுக்கே சங்கடமா இருக்கும், ஆனா கேளுங்க. மத்தியான சாம்பார் மிச்சம் எதாவது அதுல ஊத்தினாங்களா? சின்ன கடைல இது சகஜம், கொட்ட மனசு வராது, ஒரு கொதி விட்டு புதுசுல சேத்துடுவாங்க. ரெண்டு கரண்டி பழசு ஒரு அண்டா புதுச கெடுத்துடும். திரும்ப கொதிக்க வெச்சா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறதும் தப்பு, கிருமி செத்துரும் ஆனா சில கிருமி ஏற்கனவே விட்டு வெச்ச விஷம் கொதிச்சாலும் அப்படியே இருக்கும். அப்படி சேத்திருந்தா அத ரிவ்யூல ஒத்துக்க வேண்டியது அவசியமில்ல, நிறுத்திட்டு நிறுத்தினத எழுதுங்க. சேக்கவே இல்ல, சூடாதான் இருந்துச்சு, அன்னிக்கு அதே அண்டாலேருந்து 50 பேர் சாப்பிட்டு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலன்னாலும் "50 பேர் சாப்பிட்டாங்க, உங்களுக்கு மட்டும்தான்"னு எழுதாதீங்க. அந்த வரிய எழுதாத ஓட்டல்காரர் ரொம்ப கம்மி, அது உண்மையா இருந்தாலும் படிக்கறவனுக்கு "நீ பொய் சொல்றே"ன்னுதான் கேக்கும்.

வயித்து வலிதான் எல்லாருக்கும் பயம். இதுல எது உறுதி எது உறுதியில்லன்னு பிரிச்சு சொல்றேன். சாப்பாட்டுல வர்ற கோளாறு எல்லாம் ஒரே நேரத்துல காட்டாது, சில கிருமி விட்ட விஷம் அரை மணி நேரத்துலேருந்து 8 மணி நேரத்துக்குள்ள வாந்திய கொண்டுவந்துடும், பெரிய அண்டால ஆறிப்போன குழம்பு கறில வளர்ற ஒரு வகை 6 லேருந்து 24 மணி நேரம் எடுக்கும், சால்மோனெல்லா மாதிரி சிலது 6 மணி நேரத்துலயும் வரலாம் 6 நாள் கழிச்சும் வரலாம். அதனால கடைசியா சாப்பிட்ட கடை மேல பழி போடறது மனுஷ சுபாவம்னாலும் அது அன்னிக்கு மத்தியானமோ முந்தின நாளோ சாப்பிட்டதாவும் இருக்கலாம். அதே மாதிரி உங்க கடைதான் காரணமாவும் இருக்கலாம். ஒரே ஒரு ஆள் சொன்னத வெச்சு ரெண்டுல எதுன்னு டாக்டராலகூட சொல்ல முடியாது. ஆக "எங்க சாப்பாட்டுனால வந்திருக்காது"ன்னும் எழுதக்கூடாது, "எங்க சாப்பாட்டுனாலதான் வந்துச்சு"ன்னும் எழுதக்கூடாது. உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறது மட்டும்தான் சரி, மனசார கேக்கணும். ஆனா அதே ராத்திரி சாப்பிட்ட இன்னொருத்தரும் வந்து சொன்னா, அந்த நிமிஷமே ரிவ்யூவ மறந்துடுங்க. அந்த மாவு, சட்னி, சாம்பார்ல மிச்சம் எது இருந்தாலும் பரிமாறாம தனியா எடுத்து வெச்சுட்டு, உங்க பகுதி உணவு பாதுகாப்பு அலுவலர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அந்த இடத்துல என் பேச்சு முடிஞ்சுது, அது அவங்க வேலை.

நாலாவது, அம்மா பேசினது. சவுண்ட் பாக்ஸ் சத்தம் குடுக்கல, நெட்வொர்க் இழுக்குது, கல்லால கூட்டம், "பணம் ஏறல, காட்டுங்க"ன்னு அம்மா கேட்டிருப்பாங்க, கூட்டத்துல காதுல விழணும்னு கொஞ்சம் சத்தமா கேட்டிருப்பாங்க. அவங்களுக்கு அது பணம் வந்துச்சா வரலையாங்கற கேள்வி. ஏற்கனவே 40 நிமிஷம் உக்காந்து எழுந்து வந்தவருக்கு, பின்னாடி நாலு பேரு பாக்க, காசு குடுக்காம போறவன் மாதிரி நிக்கறது. ரெண்டு பேரும் பொய் சொல்லல. இத எழுதும்போது பையனா உங்களுக்கு கை துடிக்கும், "எங்க அம்மா அப்படி பேசறவங்க இல்ல"ன்னு எழுதத் தோணும். எழுதாதீங்க. அவங்கள தெரியாத ஆளுக்கு அந்த வரி ஒண்ணும் சொல்லாது. இன்னொரு விஷயம், இதுல பணம் ஏறாத கதைய பதில்ல கொண்டுவராதீங்க. அவரு தன் ரிவ்யூல அத சொல்லல. நீங்க சொன்னா அவரு காசு குடுக்காம நழுவப் பாத்தாருன்னு ஊரே படிக்கும், அப்புறம் அவரு வாழ்நாள் முழுக்க உங்களுக்கு எதிரிதான்.

இந்த இடத்துல என் தப்ப சொல்லிடறேன். நாலஞ்சு வருஷம் முன்னாடி எங்க மெஸ்ஸ பத்தி ஒருத்தர் எழுதினது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, மீன் குழம்புல நாத்தம்னு எழுதியிருந்தாரு. அன்னிக்கு யூபிஐல வந்த பேரையும் ரிவ்யூல இருந்த பேரையும் ஒத்துப்பாத்து, கடைக்கு வர்ற இன்னொருத்தர்கிட்ட நம்பர் வாங்கி, மன்னிப்பு கேக்கலாம்னுதான், சத்தியமா அதுக்குத்தான், போன் பண்ணினேன். அவரு பயந்துட்டாரு. என் நம்பர் உங்களுக்கு எப்படி கெடச்சுதுன்னு கேட்டு கட் பண்ணிட்டாரு. அரை மணி நேரத்துல அந்த ரிவ்யூல ரெண்டு வரி கூடியிருந்துச்சு, "போன் பண்ணி மிரட்டறாங்க, ஜாக்கிரதை"ன்னு. நான் மிரட்டல, ஆனா அவரு இடத்துலேருந்து பாத்தா அது மிரட்டல்தான், பணம் கட்டினதுலேருந்து பேர எடுத்து ஆள தேடிப்புடிச்சது வேற என்ன? அந்த ரெண்டு வரி இன்னிக்கும் அங்க இருக்கு. மீன் குழம்பு புகார விட அதுதான் எங்களுக்கு அதிக சேதம் பண்ணுச்சு. அதனால உங்க கடைல பில்லு, சிசிடிவி, ஜிபே எது வெச்சு அவரு யாருன்னு தெரிஞ்சாலும் அது உங்க விசாரணைக்கு மட்டும், வெளிய வரக்கூடாது, தேடியும் போகக்கூடாது. கூப்பிடறதா இருந்தா அவருதான் கூப்பிடணும், நம்ம நம்பர குடுத்துட்டு காத்திருக்கணும்.

இப்ப பாஷைக்கு வர்றேன், ஏன்னா விசாரிச்சது எல்லாம் சரியா இருந்தும் எழுதற விதத்துல கெடுத்துக்கறவங்கள நிறைய பாத்திருக்கேன். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்"னு எழுதாதீங்க, அது ரயில் லேட்டுன்னு ஸ்டேஷன்ல சொல்ற அறிவிப்பு, அத கேட்டு யாருக்கும் மனசு ஆறினதில்ல. கல்லால நின்னு நேர்ல எப்படி பேசுவீங்களோ அப்படி எழுதுங்க. "மனசு புண்பட்டிருந்தா மன்னிக்கவும்"ல அந்த "இருந்தா" விஷம், அவரு புண்பட்டுட்டேன்னு எழுதியே வெச்சிருக்காரு, அதுக்கப்புறம் என்ன இருந்தா? மன்னிப்புக்கு அடுத்த வார்த்தை "ஆனா"ன்னு வந்தா முன்னாடி எழுதினத அழிச்சுட்டதா அர்த்தம், "ஆனா அன்னிக்கு கூட்டம்", "ஆனா மாஸ்டர் லீவு". காரணம் சொல்லக்கூடாதுன்னு சொல்லல, சொல்லுங்க, அந்த காரணத்துலயும் தப்பு உங்களோடதுன்னு வர்ற மாதிரி சொல்லுங்க. அதே மாதிரி "நாங்க 20 வருஷமா பாரம்பரியமா தரமா"ன்னு விளம்பரம் வேணாம், திட்டு வாங்கற இடத்துல பெருமை பேசினா எரிச்சல்தான் வரும். ஆணா பொண்ணான்னு தெரியலன்னா சார் மேடம் எதுவும் வேணாம், வணக்கம் போதும். அவரு எழுதின பாஷைலயே பதில் எழுதுங்க, தமிழ்ல எழுதினவருக்கு இங்கிலீஷ்ல பதில் போட்டா யாரோ கம்பெனி ஆள் எழுதின மாதிரி இருக்கும்.

உங்க இடத்துல நான் இருந்து, பில்லுல நேரம் சரின்னு தெரிஞ்சு, சாம்பார் 5 மணிக்கு வெச்சதே ராத்திரி வரைக்கும் ஓடுச்சுன்னும் தெரிஞ்சுதுன்னா இப்படி எழுதுவேன்:

"வணக்கம். ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்கள தோசைக்கு அவ்வளவு நேரம் காக்க வெச்சது எங்க தப்பு. பார்சலும் டேபிளும் ஒரே கல்லுல போட்டோம், நேரம் ஆகும்னு ஆர்டர் எடுக்கும்போதே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. கல்லால பேசின விதத்துல உங்களுக்கு சங்கடமாயிடுச்சு, அதுக்கு மன்னிச்சுக்கங்க. சாம்பார் பத்தி நீங்க எழுதினத கிச்சன்ல உக்காந்து பேசினோம், இப்ப ராத்திரிக்கு 7 மணிக்கு மேல புதுசா வெக்கறோம், முன்னாடி வெச்சதோட கலக்கறதில்ல. உங்க உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறேன். இங்க கடை நம்பர் இருக்கு, எப்ப கூப்பிட்டாலும் நானே எடுக்கறேன். நேரம் எடுத்து எழுதினதுக்கு நன்றி."

அதுக்கு கீழ உங்க பேரு மட்டும். கடை பேரு தேவையில்ல, கூகுளே முதலாளி பதில்னு காட்டிடும். இதுல கவனிங்க, தோசைக்கு முழுசா தப்ப ஏத்துக்கிட்டோம் ஏன்னா அது உறுதி. அம்மா பேச்சுக்கு "உங்களுக்கு சங்கடமாயிடுச்சு"ன்னு அவரு பட்டத ஏத்துக்கிட்டோம், அம்மா திட்டினாங்கன்னு எங்கயும் சொல்லல. சாம்பார் கெட்டுப்போச்சுன்னும் சொல்லல கெடலன்னும் சொல்லல, என்ன மாத்தினோம்னு சொன்னோம், படிக்கறவனுக்கு அடுத்த வாரம் அங்க சாப்பிடப் போனா எப்படி இருக்கும்ங்கறதுதானே கவலை. வயித்து வலிக்கு விசாரிச்சோம், அவ்ளோதான். ஒண்ணே ஒண்ணு, 7 மணிக்கு புதுசா வெக்கறதா எழுதினா நெஜமாவே வெக்கணும். வெக்க முடியாதுன்னா அந்த வரிய எடுத்துட்டு எது முடியுமோ அத எழுதுங்க, "சிம்ல வெச்சு சூடாவே பரிமாறறோம்"னாலும் போதும். அடுத்த மாசம் இன்னொருத்தர் எட்டரை மணிக்கு ஆறின சாம்பார் சாப்பிட்டுட்டு இந்த பதிலையும் படிச்சா, அந்த ரிவ்யூவுக்கு எந்த பதிலும் எடுபடாது.

போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சத்தமா படிச்சு காட்டுங்க. வாய்விட்டு படிக்கும்போது எங்க குத்தலா இருக்குன்னு காது கண்டுபிடிச்சுடும், அதோட அவங்க பேர் சம்பந்தப்பட்டது, அவங்களுக்கு தெரியாம போகக்கூடாது. பதில் போட்டதும் எழுதினவருக்கு கூகுள்லேருந்து தகவல் போகும். அப்புறம் நீங்க திருத்தலாம்தான், அவரு முதல்ல எழுதினத படிச்சிருந்தா திருத்தி என்ன பிரயோஜனம்.

அந்த ரிவ்யூவ எடுக்க வெக்க முடியுமான்னு அடுத்து மனசு போகும். அவரு வந்தாரு, சாப்பிட்டாரு, பிடிக்கல, எழுதினாரு, இத கூகுள் எடுக்காது, நமக்கு கோவம் வந்தா அது விதிமீறல் ஆகாது. கெட்ட வார்த்தை, சாதி மதம் இழுத்து எழுதினது, போன் நம்பர் போட்டது, வராமலேயே எதிர்க்கடைக்காரர் எழுதினதுன்னா ரிப்போர்ட் பண்ணலாம், எடுப்பாங்களா எப்ப எடுப்பாங்கங்கறது அவங்க கைல, அதனால ரிப்போர்ட் பண்ணிட்டு காத்திருக்காம அமைதியா ஒரு பதில் போட்டுடுங்க. ஆள் வந்ததாவே பில்லுல தெரியலன்னா "நீங்க எழுதின தேதில உங்க பில்ல எங்களால கண்டுபிடிக்க முடியல, கூப்பிட்டு சொன்னீங்கன்னா பாக்கறோம்"னு மட்டும் எழுதலாம், "ஃபேக்"ங்கற வார்த்தை வேணாம், நாளைக்கு அவரு பில்ல போட்டோ எடுத்து போட்டார்னா முகம் போயிடும்.

இன்னொரு பழக்கம், "வாங்க, அடுத்த தடவ சாப்பாடு ஃப்ரீ, ரிவ்யூவ எடுத்துடுங்க"ன்னு கேக்கறது. ரிவ்யூவ மாத்தவோ எடுக்கவோ காசோ தள்ளுபடியோ ஓசி சாப்பாடோ குடுக்கறத கூகுள் விதியே தடுக்குது. அதுக்கு மேல, பொதுவுல அப்படி எழுதினா அடுத்த பத்து பேர் ஒரு ஸ்டார் போட்டா ஒரு நெய் ரோஸ்ட் கிடைக்கும்னு புரிஞ்சுப்பாங்க. சொந்தக்காரங்கள விட்டு அஞ்சு ஸ்டார் போட வெக்கறதும் வேணாம், ஒரே வாரத்துல "சூப்பர்", "அருமை"ன்னு ஒத்த வார்த்தைல 8 ரிவ்யூ வந்தா படிக்கறவன் கண்ணுக்கே உறுத்தும், சொந்தக்காரங்க போடறதும் விதிப்படி தப்புதான். தினமும் வந்து சாப்பிடற நாலு பேர்கிட்ட, தோணினா எழுதுங்கன்னு வாயால சொல்றது தப்பில்ல, நல்லா எழுதுங்கன்னு சொல்லாதீங்க, உள்ளத உள்ளபடி எழுதுங்கன்னு சொல்லுங்க.

பதில் போட்டும் அவரு மறுபடி கோவமா எழுதினா? ரிவ்யூவ மாத்தி இன்னும் காரமா எழுதலாம், எனக்கு நடந்திருக்கு. புதுசா ஒரு விஷயம் சொல்லியிருந்தா உங்க பழைய பதில திருத்தி அதுக்கு ஒரு வரி சேருங்க, வெறும் திட்டா இருந்தா விட்டுடுங்க. நான் எழுதி குடுத்ததுல சில பேர் ஸ்டார கூட்டியிருக்காங்க, சில பேர் கூப்பிட்டு பேசியிருக்காங்க, நிறைய பேர் ஒண்ணுமே பண்ணல, எத வெச்சு அது மாறுதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல, அத எதிர்பாத்து எழுதினா எழுத்துலயே அது தெரிஞ்சுடும்.

கூப்பிட்டார்னா முதல் ரெண்டு நிமிஷம் அவர பேச விடுங்க, நடுவுல விளக்கம் குடுக்காதீங்க. டாக்டர்கிட்ட போனாரா, கூட சாப்பிட்டவங்க யாருக்காவது இருந்துச்சா, எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுன்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க, மேல சொன்ன மணிக்கணக்கோட வெச்சு பாத்தா உங்களுக்கே கொஞ்சம் புரியும், அத அவர்கிட்ட வாதாட எடுக்காதீங்க. கூப்பிடாம ஒருநாள் நேராவே கடைக்கு வந்துட்டார்னா, உங்களுக்கு ஆள் அடையாளம் தெரிஞ்சாலும் ரிவ்யூ பேச்ச நீங்களா எடுக்காதீங்க, அம்மாவும் எடுக்க வேணாம். தண்ணி வெச்சுட்டு, கல்லு அன்னிக்கு எப்படி ஓடுதுன்னு ஒரு பார்வை பாத்துட்டு, "தோசைக்கு 20 நிமிஷம் ஆகும், இட்லி இப்பவே இருக்கு, எது வெக்கட்டும்?"னு கேளுங்க.